புதிய ஸ்டைலிஸ்டுக்கான நியமனக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

“யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சலூன் நடத்துகிறேன். புதிதாகச் சேரும் ஸ்டைலிஸ்டுக்குத் தகுதிகாண் காலம் முடியும்வரை சேமலாப நிதி இல்லை என்று கடிதத்தில் எழுதலாமா?”

எழுதக் கூடாது. தகுதிகாண் காலம் என்பது வேலையைச் சோதிக்கும் காலம்தான். ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே சேரும். தகுதிகாண் காலம் 3 மாதம் என்றால் முடிவுத் திகதியையே குறிப்பிடுங்கள். நீடிப்பதானால் அதற்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள்.

சம்பளத்தில்தான் சண்டை வருகிறது. தரகுப்பணத்தை எதன்மேல் கணக்கிடுவீர்கள்? வாடிக்கையாளர் செலுத்திய முழுத் தொகையா, சாயம், கிரீம் செலவைக் கழித்த பிறகா? இதை எழுதாத கடிதம் அரைக் கடிதம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், தரகு 10,000 என்று வைப்போம். தரகுக்கும் சேமலாப நிதி உண்டு. ஆகவே 50,000க்கு ஊழியரிடம் 8 வீதமாக 4,000 பிடித்து, நீங்கள் 12 வீதமாக 6,000 சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 வீதம், அதாவது 1,500, முழுக்க உங்களுடையது. அதை அவர் சம்பளத்தில் கழிப்பது தவறு.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. உணவு இடைவேளை இதில் சேராது. முகூர்த்த நாள்களும் வார இறுதியும்தான் உங்களுக்கு நெரிசல். எனவே திங்கள் முழு விடுமுறை, செவ்வாய் 5 மணி நேரம், மற்ற ஐந்து நாளும் 8 மணி என்று வகுக்கலாம். மணமகள் அலங்காரத்துக்காக அதிகாலையில் அழைத்து, வேலை இந்த நேரத்தை மிஞ்சினால், மிஞ்சிய மணிகளுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுங்கள்.

விடுப்பில் முதல் ஆண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு. அடுத்த ஆண்டிலிருந்து 7 நாள்.