ஏழு மில்லிமீட்டருக்கு ஏன் ஆறு மாதம்?

கேள்வி: அப்பாவின் சி.டி. ரிப்போர்ட்டில் நுரையீரலில் 7 மி.மீ. நாட்யூல், ஓரம் வழவழப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுங்கள் என்கிறார் டாக்டர். கெட்டது என்றால் இப்போதே பார்க்க வேண்டாமா? சும்மா காத்திருக்கச் சொல்வது ஏன்?

பதில்: நான் டாக்டர் இல்லை. பாலக்காட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷமாக சி.டி. மிஷினில் உட்காருகிறவன். இதே கேள்வியை என் அத்தை என்னிடம் கேட்டார், அதனால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மாமாவுக்கு 61 வயது. கிட்னி கல்லுக்காக வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது, மேலே எட்டிப் பார்த்த நுரையீரலின் அடிப்பாகத்தில் ஒரு புள்ளி இருந்தது, அதைத்தான் நாட்யூல் என்பார்கள். நெஞ்சை முழுதாக எடுத்துப் பார்த்தார்கள். வலது கீழ் மடலில் ஒன்றே ஒன்று, 7 மி.மீ., கெட்டியானது, ஓரம் வழவழப்பு, சுண்ணாம்பு படியவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மலையாளத்தில், "இப்போள் குழப்பமில்லா, ஆறு மாசம் கழிஞ்ஞு நோக்காம்" என்றார். அத்தை பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து வந்தவர். வெளியே வந்ததும், "ஏங் கண்ணு, அவருக்குக் குழப்பம் இல்லீன்னா எதுக்கு ஆறு மாசம் யோசிக்கிறாரு?" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் பிரச்சினை என்று விளக்கினேன். அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் உங்கள் கேள்வி.

7 மி.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு கொண்டைக்கடலை. அந்த அளவில் ஊசி போட்டுச் சதை எடுப்பது கஷ்டம். மூச்சு விடும்போது அது ஏறி இறங்கும், ஊசி தவறிப் போகலாம், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசியலாம். கட்டி எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனும் 8 மி.மீ.க்குக் கீழே நம்பகமாகப் பேசாது. அடுத்தது, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள கெட்டியான நாட்யூல்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் புற்றுநோயாக இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் எப்போதோ வந்து தானாக ஆறிய டி.பி.யின் தழும்பாகவோ, ஒரு சின்ன நிணநீர்க் கட்டியாகவோதான் இருக்கும். அந்த ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்க நூறு பேருக்கும் ஊசி போடுவதில் அர்த்தமில்லை. எது வளர்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

அப்படியானால் அடுத்த மாதமே பார்த்தால் என்ன? அத்தைக்கு இதைக் கணக்குப் போட்டுத்தான் காட்டினேன். கெட்டியான நுரையீரல் புற்றுக்கட்டி பருமனில் இரண்டு மடங்காகப் பொதுவாக 100 முதல் 400 நாள் எடுத்துக்கொள்ளும். உருண்டையின் பருமன் இரட்டித்தாலும் குறுக்களவு கால் பங்குதான் கூடும்: 7 மி.மீ. என்பது 8.8 ஆகும், அவ்வளவுதான். 200 நாளில் இரட்டிக்கும் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அது 7.25 மி.மீ. ஆகியிருக்கும். அந்தக் கால் மில்லிமீட்டரை எந்த ரேடியாலஜிஸ்டும் அளக்க முடியாது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே அதைவிட அதிகம் வித்தியாசம் வரும். அதனால்தான் 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டி ஆறேழு மாதத்தில் 9க்குப் பக்கம் வந்து மாட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் எடுத்தால் "மாற்றமில்லை" என்று ரிப்போர்ட் வரும், நாமும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். அது பொய் நிம்மதி.

மெதுவாக வளர்வது, அதாவது 400 நாளில் இரட்டிப்பது, ஆறு மாதத்தில் 7.8 தான் இருக்கும், அதுவும் தப்பிவிடும். இரண்டு வருஷத்தில் 10.7 ஆகியிருக்கும், அப்போது தப்பாது. அதற்காகத்தான் முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் 6 முதல் 8 மி.மீ. கெட்டி நாட்யூலுக்கு முதலில் 6 முதல் 12 மாதம் என்று இருக்கிறது. புகை பிடித்தவர்களுக்கு அந்த இரண்டாவது ஸ்கேனும் கட்டாயம், மற்றவர்களுக்கு டாக்டர் யோசித்து முடிவு செய்யலாம். மாமா 25 வருஷம் பீடி பிடித்தவர், அதனால் எங்களுக்கு இரண்டும் உண்டு.

ஓரத்தைப் பற்றி. வழவழப்பு என்றால் நல்ல அறிகுறிதான், ஆனால் சான்றிதழ் இல்லை. வேறு இடத்துப் புற்று நுரையீரலுக்குப் பரவினாலும் வழவழப்பாக இருக்கும். ரிப்போர்ட்டில் ஸ்பிகுலேட்டட் என்று வந்தால், கட்டியில் இருந்து சூரியக் கதிர் மாதிரி மெல்லிய கோடுகள் சுற்றிலும் இழுக்கின்றன என்று பொருள். அதைக் கண்டால் டாக்டர் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவார். ஆனால் டி.பி. தழும்பும் அப்படியே சுருக்கி இழுக்கும், அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். லோபுலேட்டட் என்றால் ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, சந்தேகம் இரண்டுக்கும் நடுவில்.

இனி எங்களுக்கு நடந்த கோளாறு. ஆறு மாதம் ஆனதும் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்த மாமா, அங்கேயே ஒரு சென்டரில் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் 9 மி.மீ. அத்தை போனில் அழுதார். மறுநாள் பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். பார்த்ததும் விஷயம் புரிந்தது: 5 மி.மீ. தடிமனான துண்டுகளாகப் படம் போட்டிருந்தார்கள். 7 மி.மீ. பொருளை 5 மி.மீ. கத்தியால் நறுக்கினால் என்ன தெரியும்? பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயும் சேர்ந்து ஒரே நீளமாகத் தெரிந்தது, அதையே நீளவாக்கில் அளந்து 9 என்று போட்டுவிட்டார்கள். மிஷினில் மூலப்பதிவு சில நாள்தான் இருக்கும், நல்லவேளை அழியவில்லை. கெஞ்சி 1 மி.மீ. துண்டுகளாகத் திரும்பப் போட வைத்தேன். பழைய படமும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில்: நீளம் 8, அகலம் 6, இரண்டிலும் அதேதான். சராசரி 7. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்ததுதான் நாட்யூலின் அளவு, பலருக்கு இது தெரியாது. இருபதாவது மாதத்திலும் அதே 7 தான் வந்தது, டாக்டர் போதும் என்று விட்டுவிட்டார்.

அதனால் அப்பாவுக்கு முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள், சீட்டில் மெல்லிய துண்டு, குறைந்த கதிர் அளவு என்று எழுதி வாங்குங்கள். இதற்கு கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்படாது. பேப்பர் ரிப்போர்ட்டைவிட சி.டி. தட்டு முக்கியம், அத்தை அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார். மேஜையில் படுத்ததும் மூச்சை முழுதாக இழுத்து அடக்கச் சொல்லுங்கள். கீழ் மடலில் இருந்தால் அரை மூச்சுக்குப் படம் கலங்கிவிடும்.

நான் சொன்ன தேதிக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. அப்பாவுக்கு முன்பே வேறு புற்றுநோய் இருந்தாலோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலோ டாக்டர் வேறு தேதி வைப்பார். ரிப்போர்ட்டில் கெட்டி என்று இல்லாமல் கிரவுண்ட் கிளாஸ், அதாவது மூடுபனி மாதிரி, என்று இருந்தாலும் அப்படித்தான். அது மிக மெதுவாக வளரும், ஐந்து வருஷம் வரை பின்தொடர்வார்கள். நடுவில் சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.