ஸ்வரம் ஒரு பக்கம், சாகித்யம் ஒரு பக்கம்: காசு கொடுத்து வாங்கிய நொட்டேஷன் தாள்

கேள்வி: மகளின் பாட்டு வகுப்புக்காக இணையத்தில் கீதங்களின் நொட்டேஷன் ஃபைல்களைக் காசு கொடுத்து வாங்கினேன். ஒன்று பிடிஎஃப், மற்றவை வேர்ட் ஃபைல்கள். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால், மேலே இருக்கிற ஸ்வரமும் கீழே இருக்கிற சாகித்யமும் நேருக்கு நேர் வரவில்லை. விற்றவரைக் கேட்டால் "உங்கள் பிரின்டர் சரியில்லை" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, இல்லை இதை நாமே சரிசெய்துகொள்ள முடியுமா?

பதில்: பிரின்டரின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் பிரின்டர் ஒரு பக்கத்தைச் சுருக்கினாலும் பெரிதாக்கினாலும் ஸ்வர வரியையும் சாகித்ய வரியையும் ஒரே அளவில்தான் மாற்றும். ஒரு வரி மட்டும் தனியாக நகர்ந்துபோவதற்கு அதில் வழியே இல்லை. பிரின்ட் அமைப்பால் வரக்கூடிய கோளாறு வேறு: அமெரிக்க லெட்டர் அளவில் (216 மி.மீ. அகலம்) செய்த ஃபைலை ஏ4 தாளில் (210 மி.மீ.) Actual size என்று கொடுத்தால் ஓரம் வெட்டுப்பட்டு, ஆவர்த்தனத்தின் கடைசி அட்சரம் காணாமல் போகலாம். கடைக்காரரிடம் Fit வைக்கச் சொன்னால் அது தீர்ந்துவிடும்.

உங்கள் வேர்ட் ஃபைல்களில் நடப்பது வேறு. செய்தவர் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்துகளை நேராக்கியிருப்பார். தமிழில் 'ண' அகலம், 'ர' ஒடுக்கம். அதனால் அவர் கணினியில் இருந்த எழுத்துருவுக்கு மட்டுமே அந்த இடைவெளிகள் பொருந்தும். அவர் Latha-வில் அடித்திருந்து, கடையின் கணினி அதை Nirmala UI-யில் திறந்தால், வரி போகப் போக விலகல் கூடிக்கொண்டே போகும். தொடக்கத்தில் சரியாக இருந்து வலப்பக்கம் போகப் போக விலகினால் காரணம் இதுதான்.

பிடிஎஃப் கதை தனி. அதை Acrobat Reader-இல் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts பகுதியைப் பாருங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் (Embedded Subset) என்று இருந்தால் எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது; எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. அப்படியிருந்தும் திரையிலேயே விலகித் தெரிந்தால், தவறு ஃபைலைத் தயாரித்தவர் கையில் நடந்தது. கடைக்காரருக்கும் உங்களுக்கும் அதில் பங்கில்லை. பட்டியல் காலியாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். அதில் எழுத்து நகராது, மங்கல் மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் வெறும் இடைவெளி மாறியதா, நொட்டேஷனே தப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு எண்ணிப் பார்ப்பதே வழி. மலஹரியில் எல்லோரும் முதலில் கற்கும் பிள்ளையார் கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபக தாளம், ஒரு திருதம், ஒரு சதுஸ்ர லகு, ஆக 6 அட்சரம். முதல் ஆவர்த்தனம் இப்படி இருக்க வேண்டும்:

| ம | ப | த | ஸ | ஸ | ரி |
|---|---|---|---|---|---|
| ஸ்ரீ | . | க | ண | நா | த |

மேலே ஆறு, கீழே ஆறு. சாகித்யத்தில் இரண்டாவதாக இருக்கும் புள்ளி ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. 'ஸ்ரீ'யின் உயிர் ஓசை அங்கே 'ப'வுக்கு நீள்கிறது என்பதற்கு அது அடையாளம். தட்டச்சு செய்தவர் அலங்காரம் என்று நினைத்து அந்தப் புள்ளியை விட்டுவிட்டால், 'க' ஒரு இடம் முன்னால் வந்து 'ப'வின் கீழே உட்காரும். 'ண', 'நா', 'த' எல்லாம் ஒவ்வோர் அட்சரம் முந்திவிடும், கடைசி 'ரி'க்குக் கீழே ஒன்றும் இருக்காது. இடைவெளிக் கோளாறு என்றால் எண்ணிக்கை சரியாக இருக்கும், பார்வைக்கு மட்டும் கோணலாகத் தெரியும். இது அப்படியல்ல, தாளைப் பார்த்துப் பாடும் குழந்தை தப்பாகவே பாடும்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த வரியின் 'ஸ ஸ ரி' மூன்றும் தார ஸ்தாயி. ஒவ்வொன்றின் தலையிலும் புள்ளி வேண்டும் (மேலே உள்ள கட்டத்தில் அதைப் போடவில்லை). தமிழில் இது சங்கடமான இடம், ஏனென்றால் தலைப்புள்ளி வைத்த 'ஸ' மெய்யெழுத்து 'ஸ்' மாதிரியே இருக்கும். பழகியவர்களுக்குக் குழப்பமில்லை; ஆனால் எழுத்து சிறியதாக இருந்தாலோ கடையில் டிராஃப்ட் தரத்தில் எடுத்தாலோ புள்ளி காணாமல் போய், குழந்தை கீழ் ஸட்ஜத்தைப் பிடிக்கும். ஸ்வர வரி 14 பாயின்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பணம் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். எந்தக் கோளாறு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்: எத்தனையாவது பக்கம், எந்த ஆவர்த்தனம், மேலே எத்தனை, கீழே எத்தனை. திரையின் படத்தையும் Fonts பட்டியலின் படத்தையும் இணையுங்கள். "பிரின்டர்" என்ற பதிலுக்கு அதற்கு மேல் இடமிருக்காது. விற்பனைத் தளம் மூலம் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாமே சரிசெய்வதும் கஷ்டமில்லை, வேர்ட் ஃபைல் கையில் இருப்பதால் இன்னும் சுலபம். ஸ்பேஸை எல்லாம் எடுத்துவிட்டு அட்டவணைக்குள் போடுங்கள். டேப் வைத்தால் போதாதா என்று தோன்றும். அகலமான எழுத்து ஒரு டேப் எல்லையைத் தாண்டியதுமே அடுத்தது ஒரு நிறுத்தம் தள்ளிப்போய்விடும், அதனால் வேண்டாம். ஏ4-ஐ நெடுக்குவாட்டில் வைத்து ஓரம் விட்டால் ஏறத்தாழ 175 மி.மீ. கிடைக்கும். ரூபகத்துக்கு 12 நெடுவரிசை, அதாவது ஒரு வரியில் இரண்டு ஆவர்த்தனம், ஒரு கட்டத்துக்கு 14 மி.மீ. சொச்சம். Table Properties-இல் Options போய் Automatically resize to fit contents என்பதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'ஸிந்' மாதிரி அகலமான அசை வரும் கட்டம் தானாக விரிந்து, மற்றவற்றைச் சுருக்கும்.

ஸ்வரத்தையும் சாகித்யத்தையும் ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரியாக அடியுங்கள். பிறகு Row பகுதியில் Allow row to break across pages-ஐ நீக்கினால், பக்கத்தின் அடியில் ஸ்வரமும் அடுத்த பக்கத்தின் தலையில் சாகித்யமும் என்று பிரியாது. கட்டக் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, அங்கம் முடியும் இடத்தில் ஒற்றைக் கோடும் ஆவர்த்தனம் முடியும் இடத்தில் இரட்டைக் கோடும் மட்டும் வையுங்கள். கடைக்குக் கொண்டுபோவது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும்.

அடுத்து வர்ணம் வாங்குவீர்கள். ஆதி தாள வர்ணத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 ஸ்வர இடம். அதை ஒரே வரியில் அடைத்திருக்கும் ஏ4 தாளை வாங்காதீர்கள். ஒரு இடத்துக்கு ஐந்தரை மி.மீ.கூட வராது. லகுவின் 16 ஒரு வரி, இரண்டு திருதங்களின் 16 அடுத்த வரி என்று பிரித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மாதிரிப் பக்கம் காட்டாத விற்பனையாளரிடம் ஒரு பக்கம் அனுப்பச் சொல்லி, எண்ணிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.