டோக்கியோ – ஹொனலுலு: கிளம்பும் முன்பே போய்ச் சேரும் விமானம்

கேள்வி: டிக்கெட்டில் டோக்கியோவிலிருந்து திங்கள் இரவு 9 மணிக்குப் புறப்பாடு, ஹொனலுலுவில் அதே திங்கள் காலை 9 மணிக்கு வருகை என்று இருக்கிறது. தப்பாக அச்சாகிவிட்டதா?

டிக்கெட் சரிதான். இந்த மாதிரிக் கணக்கில் இரண்டு ஊர் நேரத்தையும் நேரடியாக மோத விடாமல், நடுவில் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ கிரீன்விச்சை விட 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, திங்கள் இரவு 9 என்பது கிரீன்விச்சில் திங்கள் பகல் 12. பயணம் 7 மணி நேரம். இறங்கும்போது கிரீன்விச்சில் மாலை 7. ஹொனலுலு 10 மணி நேரம் பின்னால். கழித்தால் திங்கள் காலை 9.

தேதிக்கோட்டை எங்கே சேர்த்தோம் என்று கேட்பீர்கள். தனியாகச் சேர்க்கவே கூடாது. +9, –10 இரண்டுக்கும் உள்ள 19 மணி நேர வித்தியாசத்திலேயே அது அடங்கிவிட்டது. பலர் இதற்கு மேல் இன்னொரு நாளையும் கழித்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுவார்கள்.

அறை முன்பதிவில் கவனம் தேவை. திங்கள் இரவை விமானத்தில் கழிப்பதாக நினைத்து செவ்வாயிலிருந்து அறை போட்டால், திங்கள் இரவு தங்க இடமிருக்காது. நான் ஒருமுறை அப்படித்தான் பெட்டியோடு வரவேற்பறையில் நின்றேன்.

திரும்பும்போது நேர்மாறு. செவ்வாய் பகல் 1 மணிக்குக் கிளம்பி எட்டரை மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் புதன் மாலை 4.30. இரண்டு ஊரிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது என்பதால் எந்த மாதத்திலும் இதே கணக்குதான்.