30% காட்டும்போதே அணைந்துபோகும் பெட்டி

கேள்வி: ஊட்டி பக்கம் எங்கள் கேரட் தோட்டத்தில் மண் ஈரம் அளக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். 2600 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் அயன் செல், சின்ன சோலார் பேனல், செல்லில் எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம் என்று காட்டும், கூலோம் எண்ணும் பியூயல் கேஜ் சிப். இரண்டு மாத மழை முடியும்போது 30% காட்டிக்கொண்டே அணைந்துவிடுகிறது. வெயிலில் முழு சார்ஜ் ஏறினால் சரியாகிறது. சிப்பை மாற்றவா?

பதில்: மாற்ற வேண்டாம். சிப் எஸ்டேட் கணக்குப்பிள்ளை மாதிரி. வரவு செலவை எழுதிக்கொண்டே போகுமே தவிர, மூட்டையை அவிழ்த்துப் பார்க்காது.

செல்லின் வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் 10 மில்லி ஓம். அதன் இரு முனைக்கும் இடையிலான வோல்டேஜை வைத்துத்தான் சிப் மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறது. பெட்டி தூங்கும்போது 0.5 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டரில் வருவது 5 மைக்ரோவோல்ட்தான். சிப்பின் பூஜ்யமே அந்த அளவு தள்ளி நின்றால் இந்தச் செலவு கணக்கில் ஏறாது. நாளுக்கு 12, அறுபது நாளில் 720 மில்லி ஆம்பியர் மணி. உங்கள் செல்லில் அது ஏறத்தாழ 28%. நீங்கள் பார்க்கும் 30% இதுவாக இருக்கலாம்.

இந்தப் பிழை எல்லா ஊரிலும் சேரும். ஆனால் வெயில் ஊரில் செல் அடிக்கடி நிறையும். சார்ஜ் மின்னோட்டம் தேய்ந்து முடியும்போது சிப் கணக்கை 100%க்குத் திருத்திக்கொள்ளும். மூடுபனியில் செல் நிறைவதே இல்லை, அதனால் திருத்தவும் வாய்ப்பில்லை.

இன்னொரு வழி, செல் ஓய்வாக இருக்கும்போது வோல்டேஜைப் பார்த்துச் சதவீதத்தைக் கணிப்பது. விடியற்காலை 5 மணி, ரேடியோ அனுப்புவதற்குச் சற்று முன், அதற்கு நல்ல நேரம். ஆனால் 3.7, 3.8 வோல்ட் பக்கம் வோல்டேஜையும் சதவீதத்தையும் இணைக்கும் வளைகோடு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். 10 மில்லிவோல்ட் பிசகினாலே பல சதவீதம் புரளும். அங்கே திருத்தப் போனால் கணக்கு இன்னும் கெடும். 3.65க்குக் கீழே இறங்கியபின் திருத்துவதுதான் நம்பகம். குளிரும் இடைஞ்சல்தான். செல்லின் முழுக் கொள்ளளவைத் தானே கற்றுக்கொள்ளும் சிப்புகளில் பல, 10 டிகிரிக்குக் கீழே அதைச் செய்யாது. ஜனவரி விடியலில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு வாரம் தினமும் 5 மணிக்குச் சதவீதத்தையும் வோல்டேஜையும் பதிவு செய்யுங்கள். வோல்டேஜ் இறங்க, சதவீதம் அசையாமல் நின்றால் செலவு கணக்கில் ஏறவில்லை என்று அர்த்தம். அப்புறம் வயரைப் பாருங்கள். நான் ஒரு முறை சென்சாரின் கிரவுண்டை ரெசிஸ்டரைத் தாண்டி நேரே செல்லில் இணைத்துவிட்டு, மூன்று வாரம் சிப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயர் சரியென்றால், லோடையும் பேனலையும் கழற்றிவிட்டு சிப்பின் பூஜ்ய கேலிபரேஷனை ஓட்டுங்கள். அதைத் தோட்டத்துக் குளிரிலேயே செய்யுங்கள், வெப்பநிலையோடு பூஜ்யமும் நகரும். அதிலும் தீராவிட்டால் 50 மில்லி ஓம் ரெசிஸ்டர் போட்டு, புதிய மதிப்பை சிப்பிலும் பதியுங்கள். அதே 5 மைக்ரோவோல்ட் பிழை இப்போது 0.1 மில்லி ஆம்பியர்தான். ரேடியோ 200 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 10 மில்லிவோல்ட்தான் விழும். மழை மாதங்களில் மாதம் ஒரு முறை செல்லை வீட்டு சார்ஜரில் முழுசாக நிரப்பிவிடுங்கள்.