சுக்கிரன் அஸ்தங்கம் என்றால் கல்யாணமே நடக்காதா?

"மேஷ லக்னம், 5ஆம் இடத்தில் சூரியனோடு சுக்கிரன். அஸ்தங்கம் என்கிறார்கள். கல்யாணம் நடக்காதா?"

நடக்கும். சூரியனுக்கு மிக அருகில் வந்து ஒரு கிரகம் பலம் குறைவதுதான் அஸ்தங்கம், அதனால் முதலில் பாகையைப் பாருங்கள். ஒரே ராசியில் இருந்தாலே அஸ்தங்கம் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தவறு. சுக்கிரனுக்கு எல்லை 10 பாகை, வக்கிரத்தில் 8. சிம்மத்தில் சூரியன் 25, சுக்கிரன் 5 என்றால் இடைவெளி 20, அஸ்தங்கமே இல்லை. சூரியன் சிம்மம் 1, சுக்கிரன் கடகம் 28 என்றால் ராசி வேறு, ஆனாலும் 3 பாகைதான், அஸ்தங்கம்.

உங்களுக்கும் 3 பாகை என்று வையுங்கள். மேஷத்துக்குச் சுக்கிரன் பணத்தைச் சொல்லும் 2ஆம் இடத்துக்கும், கல்யாணத்தைச் சொல்லும் 7ஆம் இடத்துக்கும் அதிபதி. அதனால் வரன் கூடிவந்து தள்ளிப்போகும். வருமானம் வரும், கையில் தங்காது. சூரியன் அப்பாவைக் குறிப்பதால், கல்யாணத்துக்கு அப்புறம் துணையின் பேச்சைவிட அப்பாவின் சொல்லே வீட்டில் எடுபடும். இதெல்லாம் சுக்கிர தசை, புத்தியில்தான் கூடுதலாகத் தெரியும். நவாம்சத்தில் சுக்கிரன் சொந்த வீடான ரிஷபம், துலாத்திலோ உச்ச வீடான மீனத்திலோ இருந்தால் தாமதத்தோடு சரி.