நாலு கூடையும் ஒரு பைத்துணியும்: சின்ன வகுப்புக்கு வாசிப்பு மூலை

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். 26 பிள்ளைகள், 110 கதைப் புத்தகங்கள். வெளியே வைத்தால் இரண்டே நாளில் கலைந்துவிடுகிறது. வீட்டுக்குக் கொடுத்தால் யாரிடம் எது இருக்கிறது என்று தெரிவதில்லை. எழுதவே தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதிவேடு எப்படிப் போடுவது?

பதில்: டீச்சர், முதலில் 110 புத்தகத்தில் 48-ஐ மட்டும் வெளியே எடுங்கள். கூடைக்கு 12 வீதம் நாலு கூடை. மீதி பீரோவிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு கூடையை மாற்றினால் போதும். புத்தகம் கலைவதற்குப் பிள்ளைகளின் குறும்பு பெரிய காரணமில்லை. எடுத்த புத்தகம் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எட்டு வகை பிரித்தால் நமக்கே குழப்பம் வரும்.

கூடைக்குச் சாயல்குடிப் பக்கம் கிடைக்கும் பனை ஓலைப் பெட்டியே அழகு. ஆனால் வட்டமானது வேண்டாம். கதைப் புத்தகங்கள் மெல்லியவை. வட்டக் கொட்டானில் நிற்க வைத்தால் ஒரே வாரத்தில் வளைந்துவிடும். சதுரப் பெட்டியாகப் பாருங்கள், விளிம்பில் ஓலை கையைக் கீறாமல் இருக்கத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். முகப்பு அட்டை முன்னால் தெரியும்படி புத்தகங்களை நிறுத்தினால், பிள்ளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும். பெட்டி நெருக்கமாக நிறைந்தால் தள்ள முடியாது, ரொம்பக் காலியாக இருந்தால் எல்லாம் சரிந்து விழும். முக்கால் பெட்டி சரியான அளவு.

பெயர்ச்சீட்டில் படம் பெரிதாக, சொல் அதன் கீழே. மீன் படம் போட்டு ‘கடல்’, ஆடு போட்டு ‘விலங்கு’, குடிசை போட்டு ‘வீடு’, சிரிக்கும் முகம் போட்டு ‘சிரிப்பு’. கூடைக்கு ஒரு நிறம். அதே நிறத்தில் ஒரு ஒட்டுப்பொட்டு புத்தகத்தின் பின்னட்டையில், மேல் மூலையில். படிக்கத் தெரியாத பிள்ளையும் பொட்டைப் பார்த்துக் கூடையைக் கண்டுபிடித்துவிடும். உங்களிடம் அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் இருந்தால், அவற்றில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை இருக்கும். அந்த நிலையைக் கூடையின் பெயராக வைக்காதீர்கள். ‘நீ இன்னும் நுழைதானா?’ என்று ஒருவன் கேட்டால் போதும், மற்றவன் அந்தப் பக்கமே வரமாட்டான். நிலை உங்களுக்குத் தெரிந்தால் போதும், உள்ளட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதிவேடு. பிள்ளைகள் எதையும் எழுத வேண்டாம், அட்டையை இடம் மாற்றினால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கனமான உறைகளை வெட்டினால் புத்தகத்துக்கு ஒரு சின்னப் பை கிடைக்கும். அதைப் பின்னுள் அட்டையில் ஒட்டுங்கள். அந்தப் பையில் ஓர் அட்டைத் துண்டு. அதில் கூடையின் படமும் எண்ணும் இருக்கும்: மீன் 7, ஆடு 3 என்பது போல. அதே எண் புத்தகத்தின் மேலும் இருக்க வேண்டும். சுவரில் ஒரு கெட்டித் துணியில் 26 பைகள் தைத்துத் தொங்கவிடுங்கள், பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு. ஒவ்வொரு பையிலும் பெயரும், பிள்ளை தானே தேர்ந்தெடுத்த ஒரு படமும்: படகு, சங்கு, கொக்கு, தேங்காய்.

சரி, இது எப்படி ஓடும்? சங்குப் படக்காரி பாத்திமா என்று வைத்துக்கொள்வோம். கடல் கூடையில் மீன் 7-ஐ எடுக்கிறாள். உள்ளே இருக்கும் அட்டையை உருவிச் சங்குப் பையில் செருகுகிறாள், புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொள்கிறாள். நீங்கள் சுவரைப் பார்த்தாலே யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். சாயங்காலம் ஒரு நோட்டில் தேதி போட்டு ‘சங்கு – மீன் 7’ என்று எழுதி வையுங்கள். ஒருவேளை காற்றில் துணி விழுந்து அட்டைகள் கலைந்தாலும் அந்த நோட்டு காப்பாற்றும்.

திருப்பித் தரும்போதுதான் சிக்கல் வரும். பாத்திமா புத்தகத்தை நேராக மீன் கூடையில் போட்டுவிட்டு ஓடிவிடுவாள், அட்டை சங்குப் பையிலேயே நிற்கும். நீங்கள் ‘புத்தகம் எங்கே?’ என்பீர்கள், அவள் ‘குடுத்துட்டேன் டீச்சர்’ என்பாள், இரண்டுமே உண்மை. இதற்கு ஐந்தாவதாக ஒரு கூடை வேண்டும், படம் எதுவும் இல்லாதது. திரும்பும் புத்தகம் அதில்தான் விழ வேண்டும். அன்றைக்கு முறை உள்ள இரண்டு பிள்ளைகள் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் பார்த்து, சுவரில் அதே எண் அட்டையைத் தேடி உள்ளே செருகிவிட்டுக் கூடையில் வைப்பார்கள். வாரத்துக்கு வாரம் ஜோடி மாறட்டும். இந்த வேலைக்குப் போட்டியே இருக்கும்.

பலர் வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கள்கிழமை வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சனி, ஞாயிறில் பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போகும், புத்தகம் அங்கேயே தங்கிவிடும். செவ்வாய் கொடுத்து வியாழன் வாங்குங்கள். முதல் மாதம் இரண்டாம் வகுப்புக்கு மட்டும். ஒன்றாம் வகுப்பு அதுவரை அறையிலேயே பார்க்கட்டும்.

விதி நாலுக்கு மேல் வேண்டாம், எல்லாமே செய்யச் சொல்வதாக இருக்கட்டும். கையைத் துடைத்துவிட்டு எடு. ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்று எடு. மேல் மூலையைப் பிடித்துப் புரட்டு. கிழிந்தால் சொல். ஒரு நாளைக்கு ஒரு விதி, நடித்துக் காட்டி. மூன்றாவதுக்கு மட்டும் கூடுதல் நேரம் தேவைப்படும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் நடுப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளித்தான் புரட்டுவார்கள். நடுவில் குத்திய கம்பி முள் கழன்று தாள் கையோடு வருவது அதனால்தான். நாலாவது விதி நிற்க வேண்டுமானால், கிழித்தவரைத் திட்டக் கூடாது. கிழிந்த புத்தகத்துக்கு ‘ஆஸ்பத்திரி’ என்று ஒரு டப்பா வைத்தால், பயந்து ஒளித்து வைப்பது குறையும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது சீக்கிரம் பழுத்துப் பிசுபிசுக்கும். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். மெல்லிய வெள்ளைத் தாளும் ஃபெவிகாலும் போதும்.

உங்கள் ஊரில் இடத்தையும் பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைத்தால் உப்புக் காற்றில் புத்தகத்தின் நடு முள் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை இறங்கும். முள் துருப்பிடித்த புத்தகத்தில் அதை எடுத்துவிட்டு, கெட்டி நூலால் மூன்று துளை போட்டுத் தைத்துவிடுங்கள், பிறகு பல வருஷம் வரும். கூடைகளை வைக்கும் பலகையைச் சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலைப் பெட்டியில் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளில் பெட்டியை மட்டும் வெளியே காயப் போடுங்கள், புத்தகத்தை நிழலில் விரித்து வைத்தால் போதும். தரையில் ஒரு கயிற்றுப் பாய் வாசலில் கிடந்தால் காலோடு வரும் மணல் அங்கேயே நின்றுவிடும்.

தொலைந்த புத்தகத்துக்கு அபராதம் கேட்காதீர்கள். கேட்டால் அந்த வீட்டில் அடுத்த முறை புத்தகத்தையே வாங்க விடமாட்டார்கள். அட்டையைப் பிள்ளையின் பையிலேயே இரண்டு வாரம் விட்டு வையுங்கள், பாதிக்கு மேல் எங்காவது படுக்கைக்கு அடியிலிருந்து வந்துவிடும். வராவிட்டால் நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, பீரோவிலிருந்து ஒன்றை எடுத்து அதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.