கணக்கு மென்பொருள் போட்டுத் தந்தவரே ஆடிட் செய்யலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் உற்பத்தி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். எங்கள் ஆடிட்டர் நிறுவனத்துக்கு அதே பெயரில் ஒரு கன்சல்டிங் கம்பெனியும் உண்டு. ஆறு மாதம் முன்பு அவர்கள்தான் எங்களுக்கு இ.ஆர்.பி. கணக்கு மென்பொருளை வடிவமைத்து நிறுவினார்கள். ஆடிட் ஃபீஸ் 2 லட்சம், இதற்கு 14 லட்சம். இப்போது பேங்க்கில் கேள்வி கேட்கிறார்கள். ‘வேறு கம்பெனி, வேறு ஆட்கள், பிரச்சினை இல்லை’ என்கிறார் ஆடிட்டர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 144-வது பிரிவு, ஒரு கம்பெனியின் ஆடிட்டர் அதே கம்பெனிக்குச் செய்யக்கூடாத வேலைகளைப் பட்டியலிடுகிறது. கணக்கு எழுதுவது, இன்டர்னல் ஆடிட், நிதித் தகவல் மென்பொருளை வடிவமைத்து நிறுவுவது எல்லாம் அதில் உண்டு. சின்ன கம்பெனி, பிரைவேட் கம்பெனி என்ற விலக்கு கிடையாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்யக்கூடாது என்று சொல்லும் அந்தப் பிரிவு, ஆடிட் நிறுவனம் எந்தப் பெயரை, பிராண்டைப் பயன்படுத்துகிறதோ அந்தப் பெயருக்குரிய வேறு அமைப்பு செய்தாலும் மறைமுகம்தான் என்று விளக்கமும் தருகிறது. தனி ஜி.எஸ்.டி. எண் இருந்தாலும் அது மாறாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு உங்கள் நூல் ஸ்டாக்கையே பாருங்கள். கிலோ 240 ரூபாய்க்கு வாங்கிய 10,000 கிலோ நூல் குடோனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வந்த சிறு லோடின் விலை 270. மென்பொருள் அந்தக் கடைசி விலையையே பழைய ஸ்டாக்குக்கும் போடும்படி அமைக்கப்பட்டிருந்தால், இல்லாத 3 லட்சம் ரூபாய் லாபம் பேலன்ஸ் ஷீட்டில் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் ஆடிட்டர். ஆனால் கண்டுபிடித்து எழுதினால், 14 லட்சம் வாங்கிச் செய்த தங்கள் வேலையே தப்பு என்று அவர் எழுத வேண்டும். தன் வேலையைத் தானே பரிசோதிக்கும் சிக்கல் ஒன்று, ஆடிட் ஃபீஸைப் போல ஏழு மடங்கு பணம் தரும் வாடிக்கையாளரை இழக்கும் பயம் இன்னொன்று.

வேறு ஆட்களை வைத்துச் செய்வது, இன்னொரு பார்ட்னர் சரிபார்ப்பது போன்ற பாதுகாப்புகள் பட்டியலில் இல்லாத வேலைகளுக்குத்தான் உதவும். உதாரணமாக வருமான வரி ரிட்டர்ன் தாக்கல். அதற்கும் உங்கள் போர்டின் ஒப்புதல் வேண்டும். தடை செய்யப்பட்ட வேலைக்கு எந்தப் பாதுகாப்பும் மருந்தாகாது.

இனி என்ன செய்வது? 141-வது பிரிவின்படி, ஆடிட்டராக இருக்கும்போதே இந்த வேலையைச் செய்தவர் தகுதி இழக்கிறார், பதவியை விட்டு விலக வேண்டும். எனவே இந்த ஆண்டு ரிப்போர்ட்டில் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். தகுதியிழப்பால் வரும் காலியிடத்தை போர்டே 30 நாளுக்குள் நிரப்பலாம். அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தால் நடைமுறை கொஞ்சம் கூடும். அவர் 30 நாளுக்குள் ADT-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும், புதியவரை போர்டு நியமித்தாலும் மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலும் வேண்டும். இதில் அபராதம் ஆடிட்டருக்கு மட்டுமல்ல, 147-வது பிரிவில் கம்பெனிக்கும் உண்டு.

மென்பொருளைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அவர்கள் ஆடிட்டராக இல்லாதபோது பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தொடரலாம். புதிய ஆடிட்டர் வந்ததும், ஸ்டாக் விலை எந்த முறையில் கணக்காகிறது என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.